நெஞ்சைப் பிடித்தால் 911: ஸ்கார்பரோ முதியோர் ஒன்றுகூடலில் பேசியது

வணக்கம். இந்தக் குளிருக்குள்ளும் பஸ் எடுத்தும், பிள்ளைகளிடம் சொல்லிக் கார் பிடித்தும் வந்திருக்கும் அம்மாமார், ஐயாமார் எல்லோருக்கும் நன்றி. நான் பதினான்கு வருடமாக இதயப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். எங்கள் வார்டில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் சொல்லித் தரும்படி சங்கத்தில் கேட்டார்கள். அதை வரிக்கு வரி வாசித்தால் நீங்கள் நித்திரை கொண்டுவிடுவீர்கள். அதனால் எங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன்.

முதலில் என் சித்தப்பாவின் கதை. மூன்று வருடத்துக்கு முன், ஜனவரி மாதம், காலைச் சாப்பாடு முடிந்த கையோடு வாசலில் ஸ்னோ தள்ளப் போனார். பாதியில் நெஞ்சு கனத்தது, தாடை வலித்தது, அந்தக் குளிரிலும் சட்டை நனைய வியர்த்தது. உள்ளே வந்து, "வாயு போல கிடக்கு" என்று சொல்லிவிட்டு, கொத்தமல்லித் தண்ணீர் குடித்துப் படுத்துவிட்டார். சித்தி எனக்குப் போன் எடுத்தபோது மூன்று மணித்தியாலம் போய்விட்டது. உயிர் தப்பினார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. இன்று அவருக்கு மாடிப்படி ஏற இரண்டு தரம் நின்று மூச்சு வாங்க வேண்டும். அந்த மூன்று மணித்தியாலத்தை நினைத்துத்தான் இங்கே பேச ஒத்துக்கொண்டேன்.

மாரடைப்பு என்றால் என்ன? இதயம் உடம்பு முழுக்க இரத்தம் அனுப்புகிறது. ஆனால் அதன் தசைக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுபோகும் சிறு குழாய்களின் சுவரில் வருடக்கணக்காகக் கொழுப்புப் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் கட்டி, குழாய் அடைபடுகிறது. அடைபட்ட நேரத்திலிருந்து அந்தப் பக்கத்துத் தசை மூச்சில்லாமல் சாகத் தொடங்குகிறது. எவ்வளவு கெதியில் குழாயைத் திறக்கிறார்களோ, அவ்வளவு தசை மிஞ்சும்.

நெஞ்சில் ஊசி குத்தினது போல வந்தால்தான் மாரடைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வார்டில் நான் கேட்பது வேறு. "ஆரோ ஏறி இருக்கிறது போல", "இறுக்கிப் பிடிக்கிறது போல", "எரியிறது போல" என்பார்கள். அது கை, தோள், முதுகு, கழுத்து, தாடை எங்கேயும் போகலாம். பெண்களுக்கும், சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் நோவே இல்லாமல் வரலாம்; நாள்பட்ட சீனி நரம்புகளைப் பழுதாக்குவதால் நோ தெரியாமல் போகிறது. அப்போது காட்டுவது மூச்சு முட்டல், ஓங்காளம், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத பெரிய களைப்பு. அம்மாமார் இதைக் கவனமாகக் கேளுங்கள். நீங்கள்தான் சமையலை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று இருப்பவர்கள்.

அப்படி வந்தால் 911. மகனுக்கு அல்ல, எனக்கும் அல்ல. காரில் கூட்டிப் போகவும் வேண்டாம். அம்புலன்சில் வருபவர்கள் வீட்டிலேயே ஈசிஜி எடுத்து, குழாய் திறக்கும் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே கொண்டுபோவார்கள். வழியில் இதயம் நின்றாலும் அவர்களிடம் மெஷின் இருக்கிறது. உங்கள் மகனின் காரில் இல்லை.

ஆங்கிலம் வராதே என்று தயங்குகிறவர்கள் இருக்கிறீர்கள். "தமிழ்" என்று ஒரு சொல் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை லைனில் எடுப்பார்கள். போனை வைத்துவிடக் கூடாது. காசு பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் வெளியில் சொல்லாமல் மனதுக்குள் எல்லோரும் கணக்குப் பார்க்கிறோம். ஓஹிப் அட்டை உள்ளவருக்கு, அம்புலன்ஸ் தேவையென்று டாக்டர் கருதினால், பொதுவாக வரும் பில் 45 டொலர்தான். 911இல் அஸ்பிரின் குளிசை சப்பச் சொன்னால் சப்புங்கள். ஒவ்வாமையோ இரத்தக் கசிவோ இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

ஆள் விழுந்து, கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் சரியாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்று எடுங்கள். 911 எடுத்து போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அமத்துங்கள். இரண்டு அங்குலம் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம். எலும்பு உடையுமோ, வழக்குப் போடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். நல்ல மனதோடு, கூலி வாங்காமல் உதவி செய்கிறவரைக் காப்பாற்ற ஒன்டாரியோவில் 2001இலேயே சட்டம் வந்துவிட்டது.

அப்புறம், எங்கள் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு மாரடைப்பு? பக்கத்து ஹமில்டனில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 52 நாடுகளில் நடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளிவந்தது. அந்த ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த வயது சராசரியாக 53. மற்றவர்களுக்கு 59க்குக் கிட்ட. ஆகவே இது உங்களுக்கு மட்டும் சொல்கிற பேச்சில்லை. உங்களை இங்கே இறக்கிவிட்டுப் போன மகனுக்கும் மருமகளுக்கும் கொலஸ்ட்ரோல் பார்த்தார்களா என்று கேளுங்கள். சாதாரணமாக நாற்பதில் தொடங்கும் சோதனையை எங்களுக்கு அதற்கு முன்பே தொடங்கலாம். ஆனால் தலைவிதி என்று கையை விரிக்கவும் தேவையில்லை. அதே ஆய்வில், பத்தில் ஒன்பது பங்கு ஆபத்து எங்கள் கைக்குள் உள்ள காரணங்களால்தான்: புகைத்தல், கொலஸ்ட்ரோல், பிரஷர், சீனி, வயிற்று வண்டி, மன அழுத்தம், இப்படி.

வண்டியை அளந்து பாருங்கள். எங்கள் ஆட்களுக்கு ஆணுக்கு 90 சென்ரிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் கவனம். மெலிந்த கை கால், முன்னுக்கு ஒரு வண்டி. நம்மில் இது நிறைய.

சாப்பாட்டைப் பற்றிக் கனக்கச் சொல்ல மாட்டேன், புட்டைப் பறிக்கவும் மாட்டேன். உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். கறியில் குறைத்துவிட்டுப் பக்கத்தில் கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் வைத்தால் கணக்குத் தவறிவிடும். தேங்காய்ப்பாலை ஒதுக்கவில்லை, தினமும் கட்டிப்பாலில் சமைப்பதைத்தான் குறைக்கச் சொல்கிறேன். சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கீரையும் பருப்பும் வையுங்கள்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது குளிசை. பிரஷர் சரியாகிவிட்டது என்று நிறுத்துகிறார்கள். குளிசை போட்டதால்தானே சரியானது! கொலஸ்ட்ரோல் குளிசையால் கால் உளைந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரை இருக்கிறது, அளவை மாற்றவும் முடியும்.

ஸ்னோ விஷயம். குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதோடு பாரத்தைத் தூக்கி மூச்சை அடக்கினால் பிரஷர் பாய்ந்து ஏறும். இதய வருத்தம் உள்ளவர்கள் சவளைத் தொடவே வேண்டாம், பேரன் செய்யட்டும். மற்றவர்கள் சாப்பிட்ட உடனே போகாமல், தூக்காமல் தள்ளி, இடையில் இளைப்பாறிச் செய்யுங்கள். நடை வேண்டுமென்றால் மோலுக்குள் நடவுங்கள், வழுக்காது. வாரத்தில் 150 நிமிடம் போதும். பேசக்கூடிய ஆனால் பாடமுடியாத வேகம்.

சரி, பின்னால் மேசையில் பிரஷர் மெஷின் வைத்திருக்கிறோம். வருவதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல், கால் மேல் கால் போடாமல் இருங்கள். தேத்தண்ணி குடித்தவர்கள் அரை மணித்தியாலம் கழித்து வாருங்கள். உங்கள் மருந்துப் பட்டியலைக் கொண்டுவந்தவர்கள் அதையும் எடுத்து வாருங்கள், ஒவ்வொன்றும் எதற்கென்று தமிழில் எழுதித் தருகிறேன்.