டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயாளியின் பெயரைத் திருத்தித் தரக் கோரும் கடிதம்

பாளையங்கோட்டை,
08.10.2025.

அனுப்புநர்:
மா. செந்தில்வேல்,
த/பெ. மாடசாமி,
(நோயாளி பேச்சியம்மாளின் மகன்)
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
(மருத்துவப் பதிவேடுகள் பிரிவின் பார்வைக்கும்)
தங்கள் மருத்துவமனை, திருநெல்வேலி.

பொருள்: டிஸ்சார்ஜ் சம்மரியில் PECHI S என்று உள்ள பெயரை PETCHIAMMAL M என்று திருத்தித் தருதல் – தொடர்பாக.

பார்வை: யு.எச்.ஐ.டி. எண் 0093126; ஐ.பி. எண் 25-04817, அனுமதி 09.09.2025, டிஸ்சார்ஜ் 13.09.2025.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் தாயார் பேச்சியம்மாள், வயது 62, கடந்த செப்டம்பர் 9ஆம் தேதி இரவு கடுமையான வயிற்றுவலியோடு தங்கள் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டார். பித்தப்பையில் கல் இருப்பது ஸ்கேனில் தெரிந்து, மறுநாள் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பை அகற்றப்பட்டது. சிகிச்சையில் எந்தக் குறையும் இல்லை. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். இந்தக் கடிதம் பெயரைப் பற்றியது மட்டும்தான்.

அன்று இரவு நான் கோயம்புத்தூரில் இருந்தேன். பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்த தம்பிதான் பதினொன்றரை மணிக்கு ஆட்டோ பிடித்து அம்மாவை அழைத்து வந்தார். அவசரப் பிரிவில் பெயர் கேட்டபோது, தெருவில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி "பேச்சி" என்று சொல்லியிருக்கிறார். இனிஷியல் கேட்டதற்கு, என் அப்பாவின் பெயர் அவருக்குத் தெரியாததால், தெரிந்த ஒரே பெயரான என் பெயரின் முதலெழுத்தைச் சொல்லிவிட்டார். இப்படித்தான் PECHI S வந்தது. அந்த நேரத்தில் அவர் செய்த உதவிக்கு முன்னால் இது ஒரு பிழையே அல்ல. அவர்மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை.

மறுநாள் காலை நான் வந்து முன்பணம் கட்டியபோது, பில்லிங் கவுண்டரில் அம்மாவின் ஆதார் நகலைக் கொடுத்தேன். அங்கே கணினியில் பெயரை PETCHIAMMAL M என்று மாற்றிவிட்டார்கள். அதனால் முன்பண ரசீதுகள், இறுதி பில், பின்னால் வந்த பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாவற்றிலும் பெயர் சரியாக இருக்கிறது. ஆனால் வார்டில் இருந்த கேஸ் ஷீட்டில் பழைய பெயரே இருந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியை அதைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். முதல் இரவு எடுத்த அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டிலும் இரத்தப் பரிசோதனைத் தாள்கள் மூன்றிலும் அதே PECHI S தான். அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போகிற அவசரத்தில் நானும் பெயரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன். அது என் தவறு.

செப்டம்பர் 22ஆம் தேதி இன்சூரன்ஸுக்கு ரீயிம்பர்ஸ்மென்ட் கேட்டு எல்லா ஒரிஜினல்களையும் அனுப்பினேன். அக்டோபர் 6ஆம் தேதி டி.பி.ஏ.விடமிருந்து பதில் வந்தது: டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள பெயரும் பாலிசியில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை, திருத்திய சம்மரியை 15 நாட்களுக்குள் அனுப்பவும், இல்லையென்றால் கிளெய்ம் முடித்துவைக்கப்படும். பில் தொகை 1,18,460 ரூபாய். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது.

நேற்று நேரில் வந்தபோது, பார்த்த ஊழியர்கள் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, சம்மரியின் நகலில் பேனாவால் பெயரைத் திருத்தி முத்திரை வைத்துத் தருவது. அடித்து எழுதிய தாளை ஏற்பதில்லை என்று டி.பி.ஏ. தன் கடிதத்திலேயே சொல்லிவிட்டது. அதனால் அதை வாங்கிக்கொள்ளவில்லை. இன்னொன்று, கெஜட்டில் பெயர் மாற்ற அறிவிப்புக் கொண்டுவரச் சொன்னது. கெஜட் அறிவிப்பு ஒருவர் தன் பெயரை மாற்றிக்கொள்ளும்போது கொடுப்பது. என் அம்மா பெயரை மாற்றவில்லை. ஆதார், வாக்காளர் அட்டை, பாலிசி மூன்றிலும் ஒரே பெயர்தான் இருக்கிறது. மாறியிருப்பது சேர்க்கைச் சீட்டில் எழுதிய பெயர் மட்டுமே. எனவே இதை எழுத்துப் பிழைத் திருத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். நோட்டரி கையெழுத்திட்ட அஃபிடவிட் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஒரே நாளில் தருகிறேன்.

PECHI S-ம் PETCHIAMMAL M-ம் ஒரே ஆள்தானா என்ற சந்தேகம் தங்களுக்கு வருவது நியாயம். பெயரைத் தவிர எல்லாமே பொருந்துவதைப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். சம்மரியிலும், இறுதி பில்லிலும், பயாப்ஸி ரிப்போர்ட்டிலும், முதல் இரவுத் தாள்களிலும் அதே யு.எச்.ஐ.டி. எண், அதே ஐ.பி. எண். அறுவை சிகிச்சை ஒப்புதல் படிவத்தில் அம்மா தன் கையால் "பேச்சியம்மாள்" என்று தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தப் படிவம் தங்கள் கேஸ் ஷீட்டிலேயே இருக்கும்.

ஆகவே, டிஸ்சார்ஜ் சம்மரியைப் பெயரை மட்டும் திருத்தி மறுபடி அச்சிட்டு, அறுவை சிகிச்சை செய்த மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், மருத்துவமனை முத்திரையோடு தர வேண்டுகிறேன். ஆங்கில எழுத்துகள் ஆதாரில் உள்ளபடியே PETCHIAMMAL M என்று இருக்க வேண்டும். அதில் ஒரு T உண்டு. அது விட்டுப்போனால் மறுபடி இதே கேள்வி வரும், நான் மறுபடி தங்கள் வாசலில் நிற்பேன். நோய் விவரம், வரலாறு, மருந்து, தேதிகள் எதிலும் ஒரு சொல்கூட மாற வேண்டாம். "திருத்திய நகல்" என்றும், அதைக் கொடுக்கும் நாளின் தேதியும் ஒரு மூலையில் இருந்தால் நல்லது. பழைய தேதியிலேயே புதுத் தாள் போனால் அவர்களுக்கு வேறு சந்தேகம் வரும். தங்கள் கேஸ் ஷீட்டிலும் பழைய பெயரை அழிக்காமல், ஒரு கோடு போட்டுச் சரியான பெயரை எழுதிக் கையெழுத்திட்டு வைத்தால், நாளைக்கு டி.பி.ஏ. ஆள் நேரில் சரிபார்க்க வந்தாலும் குழப்பம் இருக்காது.

ஸ்கேன், இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் அதேபோல் மறுபடி அச்சிட முடிந்தால் தாருங்கள். முடியாவிட்டால், "25-04817 என்ற ஐ.பி. எண்ணில் PECHI S என்று பதிவானவரும் PETCHIAMMAL M என்பவரும் ஒரே நோயாளியே" என்று மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் போதும். டி.பி.ஏ.விடம் தொலைபேசியில் கேட்டேன். அந்தத் தாள்களுக்கு அப்படி ஒரு கடிதத்தை ஏற்பதாகச் சொன்னார்கள். சம்மரிக்கு மட்டும் அது செல்லாது.

கெடு அக்டோபர் 21. அதற்கு முந்தைய நாள் தீபாவளி, அதற்கு முன் சனி, ஞாயிறு. கூரியர் போய்ச் சேரவும் நாள் வேண்டும். அதனால் 14ஆம் தேதி செவ்வாய்க்கிழமைக்குள் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும். மருத்துவர் வரும் நாளைச் சொன்னால், அன்று நானே வந்து காத்திருந்து வாங்கிக்கொள்கிறேன். மறு அச்சுக்குக் கட்டணம் உண்டென்றால் கட்டிவிடுகிறேன். பழைய சம்மரியின் ஒரிஜினல் டி.பி.ஏ.விடம் இருப்பதால் இப்போது ஒப்படைக்க இயலவில்லை.

இக்கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் இட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். என் தொலைபேசி எண் அனுமதிப் படிவத்தில் உள்ளது.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மா. செந்தில்வேல்

என் பெயரைத் திருத்தக் கேட்கவும், திருத்திய தாள்களைப் பெற்றுக்கொள்ளவும் என் மகன் செந்தில்வேலுக்குச் சம்மதம் அளிக்கிறேன்.
மா. பேச்சியம்மாள்

இணைப்பு: டிஸ்சார்ஜ் சம்மரி, இறுதி பில், பயாப்ஸி ரிப்போர்ட், முதல் இரவு ஸ்கேன் மற்றும் இரத்தப் பரிசோதனைத் தாள்கள் (நகல்கள்), அம்மாவின் ஆதார், வாக்காளர் அட்டை, பாலிசி முதல் பக்கம், என் ஆதார், டி.பி.ஏ. அனுப்பிய 06.10.2025 தேதியிட்ட கடிதம்.