பெகு வட்டாரம், ஆறு ஏக்கர் நஞ்சை: வாரக்குத்தகை ஒப்பந்தத்தின் சுருக்கம்

குத்தகைதாரர் ஐயா அவர்களுக்கு,

நீங்கள் கேட்டபடி, பர்மிய மொழியில் எழுதப்பட்டுள்ள வாரக்குத்தகை ஒப்பந்தத்தை முழுவதும் படித்து, உங்களுக்கு வேண்டியவற்றைத் தமிழில் எழுதியிருக்கிறேன். வழக்கு என்று வந்தால் செல்லுபடியாவது பர்மிய மூலமே. ஆகையால் இதைக் கையில் வைத்துக்கொண்டு, கையெழுத்துக்கு முன் மூலத்தையும் பிரிவு பிரிவாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நிலம் ஆறு ஏக்கர். பயிர் செய்யும் உரிமைக்கான ஏழாம் எண் படிவம் நிலக்காரர் பெயரில் இருக்கிறது. 2012ஆம் ஆண்டு விவசாய நிலச் சட்டத்தின்படி நிலத்தின் இறுதி உரிமை அரசுக்கே உரியது. படிவம் பெற்றவருக்குப் பயிர் செய்யவும் குத்தகைக்கு விடவும் உரிமை உண்டு. அயல்நாட்டவருக்கு அனுமதியின்றிக் குத்தகைக்கு விட முடியாது என்பதால், உங்கள் குடியுரிமை அட்டையின் நகலை இரண்டாம் பிரிவில் இணைத்திருக்கிறார்கள். அட்டையில் உள்ள பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்; நம்மவர்களில் பலர் வீட்டில் ஒரு பெயரும் அட்டையில் ஒரு பர்மியப் பெயருமாக இருப்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

காலம் 2025 ஜூன் 1 முதல் 2028 மே 31 வரை, மூன்று சாகுபடி ஆண்டுகள். தொடர்ந்து உழ விரும்பினால் 2028 பிப்ரவரி மாத முடிவுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஒப்பந்தம் தானாக நீளாது.

வாரம் பற்றிய பிரிவுகளே முக்கியமானவை. மழைக்கால நெல்லில், களத்தில் கண்டுமுதலான மொத்தத்திலிருந்து அறுவடை இயந்திரக் கூலியைக் கழித்து, மீதியில் மூன்றில் ஒரு பங்கு நிலக்காரருக்கும் இரண்டு பங்கு உங்களுக்கும் சேரும். எடுத்துக்காட்டாக, 360 கூடை கண்டு, 24 கூடை கூலிக்குப் போனால், மீதி 336 கூடையில் அவருக்கு 112, உங்களுக்கு 224. கூடை என்பது 46 பவுண்டு என்று ஒப்பந்தமே சொல்வதால், நிலக்காரர் வீட்டுக் கூடையால் அளக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாமல் தராசில் நிறுத்தே பிரியுங்கள். பதர் தூற்றிய பிறகே நிறுக்க வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கிறது. நெல்லுக்குப் பின் விதைக்கும் உளுந்தில் நிலக்காரருக்கு நான்கில் ஒரு பங்குதான். வைக்கோல் முழுவதும் உங்களுடையது.

விதை நெல் நிலக்காரர் பொறுப்பு. உரச்செலவு ஆளுக்குப் பாதி. உங்கள் பாதியை அவர் முன்பணமாகக் கொடுத்தால், வாங்கிய ரசீதில் உள்ள விலைக்கே, வட்டியில்லாமல், உங்கள் பங்கிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ரசீதின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நான் பார்த்த வரையில் வாரத்தில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை உரக்கணக்கில்தான் தொடங்குகின்றன.

வெள்ளத்தால் விளைச்சல் ஏக்கருக்குப் 15 கூடைக்குக் கீழே போனால், நிலக்காரருக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. குறைந்ததை அடுத்த ஆண்டுப் பாக்கியாக ஏற்றக் கூடாது. இதற்கு, வயலில் தண்ணீர் தேங்கிய ஏழு நாளுக்குள் அவரை அழைத்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னிலையில் வயலைக் காட்ட வேண்டும். பூச்சியாலும் எலியாலும் வரும் சேதத்தைப் பற்றி இந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. கையெழுத்துக்கு முன் அதையும் சேர்க்கும்படி கேளுங்கள்.

நான்கு காரணங்களுக்காக உங்களை வெளியேற்றலாம். போரடித்து முப்பது நாளாகியும் மேல்வாரத்தைக் கொடுக்காமலிருப்பது, நிலத்தை வேறொருவருக்கு உள்குத்தகைக்கு விடுவது, தக்க காரணமின்றித் தரிசாகப் போடுவது, குறித்த பயிரை விட்டு அனுமதியில்லாமல் வேறு பயிர் வைப்பது அல்லது குளம் வெட்டுவது. கடைசி இரண்டையும் சட்டமும் தடுக்கிறது; அவற்றால் நிலக்காரரின் படிவத்துக்கே ஆபத்து வரும் என்பதால் அங்கே அவர் விட்டுக்கொடுப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். எந்தக் காரணமானாலும் அறுபது நாள் எழுத்து அறிவிப்பு வேண்டும். பயிர் நிற்கும்போது வெளியேற்ற முடியாது. அறிவிப்புக் காலம் முடிந்தாலும் நின்ற பயிரை அறுத்துப் பங்கு பிரித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. நீங்களே விலக நினைத்தால் மார்ச் மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும்.

எனக்கு மனம் ஒப்பாதது பதினான்காம் பிரிவு. நிலக்காரர் நிலத்தை விற்றால், அந்தப் பருவ அறுவடையோடு ஒப்பந்தம் முடிந்துவிடும் என்று அதில் இருக்கிறது. முதல் ஆண்டில் நீங்கள் வரப்பை உயர்த்தி வாய்க்காலைத் தூர் வாரினால், அந்த உழைப்புக்கு ஈடாக ஒன்றும் கிடைக்காது. வாங்குகிறவர் மீதிக் காலத்துக்கும் உங்களையே வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது வரப்புச் செலவை நிலக்காரர் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு அவர் மறுத்தால் வரப்பு வேலையை அவர் செலவிலேயே செய்யச் சொல்லிவிடுங்கள்.

தகராறு வந்தால் முதலில் கிராமத் தொகுதி விவசாய நில நிர்வாகக் குழுவிடம் முறையிட வேண்டும். அங்கே தீராவிட்டால் நகரியக் குழுவுக்கு மேல்முறையீடு செய்யலாம். ஒப்பந்தத்தை நகரிய நிலப்பதிவு அலுவலகத்தில் முப்பது நாளுக்குள் தம் செலவில் பதிவதாக நிலக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பதிவு ரசீதைக் கண்ணால் பார்த்த பிறகே நாற்றங்காலுக்கு விதை ஊற வையுங்கள்.

இப்படிக்கு,
கோயில் கமிட்டி எழுத்தர்
2025 மே 12