தற்போதைய மேலாளரின் பரிந்துரை குறித்து

வணக்கம் மேடம்,

கடலூர் சிப்காட் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பணிக்கு என்னைப் பரிசீலிப்பதற்கு நன்றி. ஆனால், என் தற்போதைய மேலாளரை மட்டும் இப்போது அழைக்க வேண்டாம். நான் வேலை தேடுவது இங்கே யாருக்கும் தெரியாது. சேதராப்பட்டு டீக்கடையில் காலையில் பேசியது மதியத்துக்குள் மேலாளர் அறைக்குப் போய்விடும்!

முன்பு எனக்கு ஷிப்ட் பொறுப்பாளராக இருந்தவர் பேசச் சம்மதித்திருக்கிறார். இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறார். ஆய்வகத்தில் என் வேலையை அருகிலிருந்து பார்த்தவர். அவர் எண்ணைத் தனியே அனுப்புகிறேன். என் சம்பளச் சீட்டுகளையும் தருகிறேன்.

பணி நியமன ஆணை கைக்கு வந்து, நான் ராஜினாமா கொடுத்த பிறகு மேலாளரிடம் தாராளமாக விசாரிக்கலாம். அதுவரை மாலை 6 மணிக்கு மேல் என் கைபேசிக்கு அழையுங்கள். அலுவலக மின்னஞ்சலுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
செல்வம்