மூன்று கொப்பிகளிலிருந்து தொகுத்த தடுப்பூசி அட்டவணை: ஒட்டுசுட்டான், 2025.10.06

பிள்ளை: ஆண், பிறப்பு 2021.03.14, இன்று வயது 4 வருடம் 6 மாதம். தமிழ்நாட்டில் பிறந்து 2022இல் ஊர் திரும்பிய குடும்பம்.

அ – தமிழ்நாட்டுத் தாய் சேய் அட்டை (மூலம்). ஆ – இங்கு திறந்த கிளினிக் கொப்பி. வெள்ளத்தில் நனைந்தது, ஒரு பக்கம் மட்டும் வாசிக்கலாம். இ – ஆ நனைந்த பின் எழுதிய பிரதி. முரண் வந்தால் ஊசி போட்ட இடத்தில் அன்றே எழுதியதே செல்லும்.

| திகதி | தடுப்பூசி | ஆதாரம் |
|---|---|---|
| 2021.03.15 | பி.சி.ஜி., போலியோ 0, ஹெப்படைற்றிஸ் பி | அ |
| 2021.04.28 | பென்ரா 1, போலியோ 1, போலியோ ஊசி 1, ரோட்டா 1 | அ |
| 2021.06.09 | பென்ரா 2, போலியோ 2, ரோட்டா 2 | அ |
| 2021.07.21 | பென்ரா 3, போலியோ 3, போலியோ ஊசி 2, ரோட்டா 3 | அ |
| 2022.01.05 | எம்.ஆர். 1 | அ |
| 2022.09.20 | முக்கூட்டு 4, போலியோ 4 | ஆ, இ |
| 12 மாதத்தில் (2022.03.14) | ஜப்பானிய மூளைக்காய்ச்சல் | இல்லை |
| 3 வயதில் (2024.03.14) | எம்.எம்.ஆர். 2 | இல்லை |
| 2026.03.14 | டி.ரி., போலியோ 5 | வரவுள்ளது |

பென்ரா 2 இ கொப்பியில் 2021.09.06 என்று உள்ளது. அ அட்டையில் 09.06.2021, நாளை மாதமாக வாசித்துப் பிரதி பண்ணியிருக்கிறார்கள். செப்ரெம்பர் என்றால் இரண்டாவது ஊசி மூன்றாவதற்குப் பின் வந்துவிடும், அது நடக்காது. 2022.09.20 முக்கூட்டு இரு கொப்பிகளிலும் இருக்கிறது, தொகுதி இலக்கம் ஒன்றே: ஒரே ஊசி, இரண்டாக எண்ணக்கூடாது.

பிறந்தவுடன் கொடுத்த போலியோ 0 மூன்று சொட்டுக் கணக்கில் சேராது. சேர்த்தால் 2022 சொட்டு ஐந்தாவதாகி, பள்ளி சேரும்போது கொடுக்கவேண்டியது விடுபடும். அங்கு 6, 10, 14 வாரத்தில் போட்டதால் இங்குள்ள 2, 4, 6 மாதத்துடன் ஒத்துவராது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் இடையில் 42 நாள் இருக்கிறது, மறுபடி தொடங்கத் தேவையில்லை. ரோட்டா எங்கள் தேசிய அட்டவணையில் இல்லை, பதிவில் மட்டும் இருக்கட்டும். அ அட்டையில் ஊசி வரிசையிலேயே எழுதிய விற்றமின் ஏ தடுப்பூசி அல்ல. பி.சி.ஜி. தழும்பு இடது கையில் தெரிகிறது.

அதிகம் கவனிக்கவேண்டியது எம்.ஆர். அதில் சின்னமுத்தும் ருபெல்லாவும் மட்டுமே. கூகைக்கட்டுக்கு இந்தப் பிள்ளைக்கு ஒரு ஊசிகூடப் போடவில்லை. இ கொப்பியில் அதை “எம்.எம்.ஆர். 1” என்று எழுதியிருப்பதைச் சிவப்பில் திருத்தியுள்ளோம்.

2025.10.15 புதன் கிளினிக்கில் எம்.எம்.ஆர்., ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இரண்டும் ஒரே நாளில், வேறு வேறு இடத்தில் போடலாம். இரண்டும் உயிருள்ள தடுப்பூசி. அன்று ஒன்றுதான் போட முடிந்தால் மற்றது 4 வாரம் கழித்து, 2025.11.12 அல்லது அதற்குப் பிறகு. கூகைக்கட்டுக்காக இன்னொரு எம்.எம்.ஆர். தேவையா என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி தீர்மானிக்கவேண்டும். தேவையென்றால் அதற்கும் 4 வார இடைவெளி.

அம்மாவுக்கு: மூன்று கொப்பியையும் கொண்டு வாருங்கோ. புதியது கிடைத்தாலும் தமிழ்நாட்டு அட்டையை எறியாதேயுங்கோ. காய்ச்சல் இருந்தால் முதலில் எங்களிடம் சொல்லுங்கோ.

தொகுத்தவர்: குடும்பநல உத்தியோகத்தர். சரிபார்த்தவர்: பொதுச் சுகாதாரத் தாதிச் சகோதரி.