புறாமலைச் சுற்றுலா இரத்து: அறிவித்தல்

வாசிகசாலை உறுப்பினர்களுக்கும் குடும்பத்தினருக்கும்,

எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை நிலாவெளியிலிருந்து புறாமலைக்குச் செல்லவிருந்த எமது படகுச் சுற்றுலா இரத்துச் செய்யப்பட்டுள்ளதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம். வடகீழ்ப் பருவமழை தொடங்கிக் கடல் கொந்தளிப்பாக இருப்பதாலும், படகை இறக்க முடியாதெனப் படகோட்டிகள் தெரிவித்துள்ளதாலும், சிறுவர்களும் முதியவர்களும் பதிவுசெய்திருந்த இப்பயணத்தைத் தொடர்வது தகாதென நிர்வாகக் குழு முடிவுசெய்தது. கரையிலாவது கூடலாமே எனச் சிலர் கேட்டிருந்தனர்; அடைமழையில் சமையலும் நடவாது, விளையாட்டும் நடவாது.

நபருக்கு 1,500 ரூபா வீதம் செலுத்திய முற்பணம், திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5 மணிக்குப் பின் வாசிகசாலையில் முழுமையாகத் திருப்பித் தரப்படும். பற்றுச்சீட்டைத் தவறாது கொண்டுவரவும். கடல் அமைதியடையும் மே மாதத்தில் புதிய திகதி குறிக்கப்பட்டு, பதிவுகள் மீண்டும் கோரப்படும். நேற்றிரவு குழுவில் அவசரமாகப் பகிரப்பட்ட செய்திகளுக்குப் பதிலாக இவ்வறிவித்தலையே ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

செயலாளர்,
திருகோணமலை