பருந்து அக்கா வந்துவிட்டார்

முதல் படத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். நாகப்பட்டினம் துறைமுகத்துக்கு வெளியே எடுத்தது. இடப்பக்கம் நான், வலப்பக்கம் அக்கா. நடுவில் இன்னொருவர் தாராளமாக நின்றுகொள்ளலாம். அக்கா கட்டியணைக்கக் கைகளை விரித்தார். அதே நேரத்தில் நான் கும்பிட்டுவிட்டேன். அதைப் பார்த்து அவர் கைகளை மடக்கிக் கும்பிடப் போக, நான் அணைப்பதற்காக முன்னால் ஒரு அடி வைத்தேன். கடைசியில் அவர் என் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக் குலுக்கினார். "வாங்கோ ரீச்சர்" என்று வேறு சொன்னார், வந்தவர் அவர்தான் என்பதை மறந்து. படமெடுத்த ஓட்டுநர் தம்பி, "கொஞ்சம் பக்கத்தில் நில்லுங்களேன்" என்று கேட்டும் பார்த்தார். அதற்குப் பிறகு எடுத்த படம்தான் இது.

இந்தப் பக்கத்தை நெடுநாளாகப் பார்ப்பவர்களுக்குப் 'பருந்து அக்கா' யார் என்று தெரியும். யாழ்ப்பாணத்தில் அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறார். 2017இல் ஒரு பறவைக் குழுவில் அவர் போட்ட படத்துக்குக் கீழே நான் எழுதிய ஒரு வரியில் தொடங்கியது எல்லாம். கடனீரேரிக்கு மேலே பறந்த ஒரு பழுப்புப் பறவையைக் கள்ளப்பருந்து என்று குறித்திருந்தார். "வாலைப் பாருங்கள், பிளவு இல்லை, வட்டமாக இருக்கிறது. இது இளம் செம்பருந்து" என்று எழுதினேன். பதில் இல்லை. கோபித்துக்கொண்டார் என்று விட்டுவிட்டேன். சில நாட்கள் கழித்துத் தனிச்செய்தியில் இன்னொரு படம் வந்தது, கூடவே ஒரு கேள்வி: "அப்படியென்றால் இது?" அது கள்ளப்பருந்தேதான். வாலை மட்டும் பெரிதாக்கி அனுப்பியிருந்தார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்துப்போயிற்று.

பருந்தில் தொடங்கிய பேச்சு பருந்தோடு நிற்கவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது திருவாரூரில் எங்கள் வீட்டுத் தென்னைகள் சாய்ந்தன, மின்சாரம் போனது, கைப்பேசி செத்தது. மறுபடி உயிர் வந்தபோது அவருடைய செய்திகள் வரிசையாகக் கொட்டின. "இருக்கிறீர்களா?", "கூரை இருக்கிறதா?", "அம்மா எப்படி?" என்று கேட்டுக்கொண்டே போனவர், நடுவில் ஒன்றில் "கோடியக்கரை மான்கள் என்ன ஆகும்?" என்றும் கேட்டிருந்தார். உறவுக்காரர்கள் பலர் விசாரித்தார்கள். மான்களைப் பற்றிக் கேட்டது அவர் ஒருவர்தான்.

2022இல் என் முறை வந்தது. இலங்கையில் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம்கூட மின்சாரம் நின்ற மாதங்கள். எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அவருடைய செய்திகள் தந்தி போலக் குறுகிவிட்டன. "கரன்ட் வந்தது. முற்றத்து மாமரத்தில் மாங்குயில். போய்விட்டது." போனது மாங்குயிலா மின்சாரமா என்று கேட்பதற்குள் ஆள் இணைப்பில் இருக்க மாட்டார். பதில் வராத இரவுகளில் அவருடைய பழைய குரல்பதிவுகளைப் போட்டுக் கேட்டதுண்டு.

குரல்பதிவு என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவை நீளமானவை. அஞ்சலகத்தில் நடந்தது, மகளின் பரீட்சை, கிணற்றடியில் கண்ட பறவை என்று ஒவ்வொன்றும் ஒரு சமையல் முடியும் வரை ஓடும். நான் எப்போதும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்பேன். விளைவு, நேரில் அவர் பேச ஆரம்பித்ததும் "அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ, இவ்வளவு மெதுவாகப் பேசுகிறாரே" என்று பதறினேன். அதுதான் அவருடைய இயல்பான வேகம். இதைப் படித்துத்தான் அவருக்கே தெரியப்போகிறது. மன்னிக்க வேண்டும், அக்கா.

முகமும் அப்படித்தான். இத்தனை ஆண்டுகளில் அவருடைய முகப்புப் படம் எப்போதும் ஏதாவது ஒரு பறவைதான். காணொளி அழைப்பு இருவருக்குமே ஒத்துவராது. ஒரு குடும்பப் படத்தில் பின்வரிசையில் பாதி முகம் மட்டும் பார்த்திருக்கிறேன். அவரை உயரமானவராக மனத்தில் வைத்திருந்தேன், ஏனென்று தெரியாது. காங்கேசன்துறையிலிருந்து வந்த சிவகங்கை கப்பலின் பயணிகள் மாலையில் வெளியே வரத் தொடங்கியதும் உயரமான பெண்களாகத் தேடிக்கொண்டிருந்தேன். என் தோள் உயரத்தில் கழுத்தில் தொலைநோக்கியோடு ஒருவர் எதிரில் நின்று, "நீங்கள்தானே?" என்றார்.

பிறகு காரில் ஏறினோம். அங்கேதான் சிக்கல். என் அம்மாவின் சர்க்கரை அளவு அவருக்குத் தெரியும். அவருடைய மாமியாரோடு நடக்கும் வழக்குகள் எல்லாம் எனக்குத் தெரியும். புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? "கடல் எப்படி இருந்தது?" என்றேன். "நன்றாக இருந்தது" என்றார். நாகூர் தாண்டியும் அவ்வளவுதான் பேச்சு... இல்லை, நாகூர் எதிர்த்திசை. பதற்றத்தில் ஓட்டுநர் தம்பிக்கு நான் காட்டிய வழி அப்படி. வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்போது அக்கா என்னிடம் இணையத்தைக் கடன் கேட்டார். திறந்துவிட்டேன். வீட்டுக்குத்தான் தகவல் சொல்கிறார் என்று சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி ஒலித்தது.

"உங்களுக்கும் கூச்சமாக இருக்கிறதா?"

"ஆமாம்" என்று தட்டினேன்.

"நல்லவேளை" என்று வந்தது.

திருவாரூர் வரும்வரை பின்னிருக்கையில் அருகருகே உட்கார்ந்து அப்படியேதான் பேசிக்கொண்டோம். தம்பி கண்ணாடியில் அடிக்கடி எங்களைப் பார்த்தார். பேசாமல் பேசாமல் திடீரென்று இருவரும் சிரித்தால் அவரும்தான் என்ன செய்வார்.

இரண்டாவது, மூன்றாவது படங்கள் எங்கள் வீட்டில். அம்மா சுட்டது இடியாப்பம். அக்கா கொண்டுவந்தது பருத்தித்துறை வடையும் ஒரு பெரிய டப்பா யாழ்ப்பாணத்துக் கறித்தூளும். மூன்றாவது படத்தில் அக்காவின் முன்னால் இருப்பது டிகிரி காபி. தினமும் காலையில் நான் அனுப்பும் காபிப் படங்களுக்கெல்லாம் தவறாமல் இதயம் போட்ட மனுஷி, காபியே குடிக்க மாட்டாராம். வெறுந்தேநீர்தான். "கோப்பை அழகாக இருந்தது, அதற்குப் போட்டேன்" என்கிறார்.

நான்காவது படத்திலிருந்து கோடியக்கரை. அவர் வந்ததே இதற்குத்தான், எனக்காக என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விடியும் முன்பே கிளம்பினோம். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழி. அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்புச் சத்தியாக்கிரக நினைவுத்தூணைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அந்த இடத்தைக் கடந்தபோது கிணற்றடிப் பேச்சில் இருந்தோம். ஆமாம், அதற்குள் வாய் திறந்துவிட்டது. மாமியார் கதையை ஒன்றரை மடங்கு வேகம் இல்லாமல் முதல் முறையாக முழுதாகக் கேட்டேன். அவசரப்படாமல் கேட்டால் மாமியார் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பதுபோல் தெரிகிறது. இதை அக்காவிடம் சொல்லவில்லை.

காட்டோரத்தில் இறங்கி நடந்துகொண்டிருந்தோம். அந்த உலர்ந்த பசுமைக்காட்டில் புதர்கள் நெருக்கம்; பறவையைக் காண்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். ஏதோ சொல்லிக்கொண்டிருந்த அக்கா பாதியில் நின்று என் மணிக்கட்டைப் பிடித்தார். உள்ளேயிருந்து இரட்டைச் சீழ்க்கை. ஆறுமணிக் குருவி. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வந்து எங்கள் பக்கமும் அவர்கள் பக்கமும் தங்கிப் போகிற பறவை. அவர் வீட்டுக் கிணற்றடிக்கு ஒவ்வோர் ஆண்டும் வருவது. எத்தனையோ முறை அதன் குரலைப் பதிவுசெய்து எனக்கு அனுப்பியிருக்கிறார். இலைகளுக்கு நடுவே பச்சை முதுகு ஒரு நொடி தெரிந்தது, அடியில் சிவப்பும். அது போன பிறகும் அவர் கையை எடுக்கவில்லை, நானும் இழுத்துக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் அவ்வளவு பாடுபடுத்திய கைகள்.

உப்பளங்களுக்கு அப்பால் பூநாரைகள் தூரத்தில் வெளிறிய கோடாக நின்றன. ஐந்தாவது படத்தில் அந்தக் கோட்டைத் தேடுங்கள். கண்டுபிடிக்காவிட்டால் என் கேமராவின் குற்றம். ஆறாவது படத்து வெளிமான் ஆண். கொம்பைப் பார்த்ததும் அக்கா, "புயலுக்குத் தப்பியவனின் பிள்ளையாக இருக்கும்" என்றார். 2018இல் கேட்ட கேள்வியை அவரும் மறக்கவில்லை.

ஏழாவது படத்தைப் பற்றி உங்கள் தீர்ப்பு தேவைப்படுகிறது. சேற்றில் நிற்கும் அந்த உப்புக்கொத்தியின் பின்கழுத்தில் வெள்ளை வளையம் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்பது அக்காவின் கட்சி. இருந்தால் அது கெண்டிஷ் உப்புக்கொத்தி. இல்லை, அது மணல் உப்புக்கொத்தி என்பது என் கட்சி. "திரும்பும் வரை நிற்கலாம்" என்றார். வெயில் ஏறியது. அது கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு எங்களை நேராகப் பார்த்தபடி நின்றது, பிறகு எங்களை நோக்கியே பறந்து தலைக்கு மேலே போய்விட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை. ஓட்டுநர் தம்பி, "நேற்று இரவே இப்படிப் பேசியிருக்கலாமே" என்றார்.

வழியனுப்பிய படத்தை இங்கே போடவில்லை. இருவரும் அழுததால் மூக்கு நன்றாக வரவில்லை. கட்டியணைத்தலில் ஓரளவு தேறிவிட்டோம் என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன். தொலைநோக்கிகள்தான் நடுவில் மோதிக்கொண்டன.

அடுத்தது மன்னார். அங்கே பூநாரைகள் இன்னும் பக்கத்தில் நிற்கும் என்று ஆசைகாட்டிவிட்டுப் போயிருக்கிறார். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பை முடித்துவிட்டு ஜனவரிக் கடைசியில் போவதாகத் திட்டம். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். அந்தப் பருவத்தில் கப்பல் ஓடுமா என்று இப்போதே விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். ஓடாவிட்டால் விமானம், அதற்கும் சேர்த்துச் சீட்டுப் போடத் தொடங்கிவிட்டேன்.

அக்கா, கறித்தூள் டப்பாவை அம்மா தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். எனக்கென்று ஒன்று தனியாக எடுத்து வையுங்கள்.