ஞாயிறு பேட்டிக்கு வீட்டில் செய்ய வேண்டிய ஆயத்தம்

வணக்கம் சேர்,

உங்கள் சூம் பேட்டியை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி என்று உறுதி செய்துவிட்டோம். லண்டனில் அப்போது காலை பதினொன்றரை. மூன்றரைக்கு வைக்கலாமா என்றுதான் அங்கிருந்து பேட்டி எடுப்பவர்கள் முதலில் கேட்டார்கள். மாளிகைக்காட்டுப் பக்கம் அசர் பாங்கு சொல்லும் நேரம் அது, பாதிப் பேச்சில் நிறுத்த வேண்டி வரும் என்று சொல்லி நாலுக்கு மாற்றினேன். ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவோம்.

இதில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம், மகள் செய்ய வேண்டியது கொஞ்சம். அவவுக்கும் இதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் இடம். உங்கள் முன் அறை யன்னல் கடற்பக்கம் பார்த்தது என்று மகள் சொன்னா. அதைவிட நல்ல இடம் கிடையாது. நாலு மணிக்கு வெயில் வீட்டுக்குப் பின்னால் போய்விடும். கிழக்கு யன்னலால் வருவது கண் கூசாத, முகத்தில் நிழல் விழுத்தாத வெளிச்சம். அந்த யன்னலைப் பார்த்தபடி கதிரையைப் போடுங்கள், மடிக்கணினி உங்களுக்கும் யன்னலுக்கும் நடுவில் மேசையில் இருக்கட்டும். யன்னல் உங்கள் முதுகுப் பக்கம் வந்தால் கமரா வெளியில் உள்ள வெளிச்சத்தைத்தான் கணக்கெடுக்கும், உங்கள் முகம் கரியாகிவிடும். திரைச்சீலையை முழுதாக ஒதுக்கிவிட்டு, கண்ணாடிக் கதவுகளை மட்டும் சாத்துங்கள். வெளிச்சம் வரும், கச்சான் காற்றும் பிரதான வீதி பஸ் ஹோர்னும் அவ்வளவாக வராது. மழை இருட்டாக இருந்தால் மட்டும் மேசை விளக்கு ஒன்றை மடிக்கணினிக்குப் பின்னால், உங்கள் தலைக்குக் கொஞ்சம் மேலே வரும்படி வைக்கலாம். மூக்குக்கண்ணாடியில் விளக்குத் தெரிந்தால் விளக்கை இன்னும் உயர்த்தினால் போதும், கண்ணாடியைக் கழற்ற வேண்டாம்.

கமரா கண் மட்டத்துக்கு வர வேண்டும். மேசையில் அப்படியே வைத்தால் உங்கள் மூக்குத் துவாரமும் சீலிங்கும்தான் தெரியும். நாலைந்து தடித்த புத்தகங்களை அடுக்கி அதன் மேல் மடிக்கணினியை வையுங்கள். அதற்கு உங்கள் வீட்டில் பஞ்சமில்லை என்று தெரியும். நெஞ்சளவு வரை தெரிகிற தூரத்தில் இருந்தால் சரி. உடுக்கு அடிக்கும்போது மட்டும் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள், கையும் தெரியட்டும். கமராக் கண்ணை மெல்லிய துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். பின்னால் சாமிப்படம், புத்தக அலுமாரி இருப்பது நல்லதுதான், மறைக்க வேண்டாம். உடுப்பில் ஒன்று மட்டும்: தூய வெள்ளைச் சேட்டும், நெருக்கமான சிறு கோடு போட்ட சேட்டும் வேண்டாம். வெள்ளை முகத்தை இருட்டாக்கும், கோடு திரையில் நெளியும். வேட்டி எதுவென்றாலும் சரி, விபூதி வழமை போல.

இனிச் சத்தம். படம் கொஞ்சம் மங்கினாலும் ஆட்கள் பார்ப்பார்கள். குரல் விட்டு விட்டு வந்தால் இரண்டு நிமிடத்தில் போய்விடுவார்கள். அதுவும் நீங்கள் குளிர்த்திப் பாட்டுப் பாடி, உடுக்கும் அடித்துக் காட்டப் போகிறீர்கள். சூம் பேச்சுக் குரலுக்காகச் செய்யப்பட்டது. பேச்சு அல்லாத எதையும் இரைச்சல் என்று நினைத்து அமத்திவிடும். உடுக்குச் சத்தத்தைக் கதவு தட்டுகிற சத்தம் மாதிரி எடுத்துக்கொண்டு விழுங்கும், நீட்டிப் பாடுகிற இடத்தில் குரலைத் தேய்க்கும். அதைத் தடுக்க மகள் மடிக்கணினி சூமில் Settings, பிறகு Audio போய், Original sound for musicians என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். அழைப்புத் தொடங்கியதும் திரையின் மேல் இடது மூலையில் அதே பெயரில் ஒரு பொத்தான் வரும், அது On என்று காட்ட வேண்டும்.

அப்படிச் செய்தால் எதிரொலி தடுப்பும் குறையலாம் என்பதால் காதில் இயர்போன் கட்டாயம். வயர் உள்ளதே வேண்டும். புளூடூத் என்றால் சத்தம் பிந்தி வரும், அதன் மைக்கும் பாட்டுக்குச் சரிவராது. இயர்போன் மைக் சேட்டில் உரசாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், சங்கிலி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் மிக முக்கியமான வேலை. உங்கள் போனில் தனியாக ஒரு குரல் பதிவு எடுக்கப் போகிறோம். இணையம் இடையில் தடுமாறினாலும் அந்தப் பதிவு தெளிவாக இருக்கும், வெளியிடும்போது அதைத்தான் படத்தோடு சேர்ப்போம். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் யாராவது அழைத்ததும் பதிவு நின்றுவிடும். நாலாக மடித்த துவாய் ஒன்றை மேசையில் விரித்து, அதன் மேல் போனை, சார்ஜ் போடும் முனை உங்கள் வாயைப் பார்க்க, ஒன்றரைச் சாண் தூரத்தில் வையுங்கள். மைக் அந்த முனையில்தான் இருக்கிறது. துவாய் எதற்கென்றால், மேசையில் கை பட்டால் அந்தத் தட்டல் பதிவில் இடி மாதிரி கேட்கும். பதிவைத் தொடக்கிவிட்டு, கமராவுக்குத் தெரியும்படி ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். அந்தத் தட்டை வைத்துத்தான் படத்தையும் ஒலியையும் நாங்கள் பொருத்துவோம். முடிந்ததும் வாட்ஸ்அப்பில் Document ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

உடுக்கு உங்கள் குரலைவிடப் பலம். அதை முழங்கால் பக்கம் தாழ்த்திப் பிடித்து அடித்தால் குரல் மேலே நிற்கும். ஒரு அடி அடித்துப் பார்த்துப் பதிவைக் கேளுங்கள், கரகரத்தால் போனை இன்னும் ஒரு சாண் தள்ளி வைக்கலாம்.

சீமெந்துத் தரையும் வெறும் சுவரும் உள்ள அறை குரலைத் திருப்பி அனுப்பும். அறையில் பாய் விரித்து, மடிக்கணினிக்குப் பக்கவாட்டுச் சுவரில் தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். மின்விசிறி பெரிய பிரச்சினை. நிறுத்தச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை, அந்த நேரத்துப் புழுக்கம் தெரியும். பேசும்போது மெதுவாக ஓடட்டும், பாடும்போது மட்டும் நிறுத்துவோம். பிரிட்ஜ் அடுத்த அறையில் என்றால் விட்டுவிடுங்கள். பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் பதற்றப்பட வேண்டாம், அது போகும் வரை தண்ணீர் குடியுங்கள், அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்போம்.

கரண்ட் போகலாம். மடிக்கணினியை முழுதாகச் சார்ஜ் செய்து வையுங்கள். கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், அப்போது மகளின் போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறுவோம், டேட்டா போட்டு வைக்கச் சொல்லுங்கள். அந்த நேரம் வீட்டில் மற்றவர்கள் வீடியோ பார்க்காமல் இருந்தால் நல்லம்.

பேசும்போது திரையில் கேள்வி கேட்கும் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் கமராப் புள்ளியைப் பாருங்கள். கேட்கும்போது எங்கே பார்த்தாலும் பரவாயில்லை.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கே ஒரு ஒத்திகை வைப்போம், அதே யன்னல், அதே கதிரை, பத்து நிமிடம் போதும். அதற்கு முன் நீங்கள் இரண்டு வரி பாட, மகள் அதை உங்கள் போனில் பதிந்து எனக்கு அனுப்பிவிட்டால், தூரம் சரியா என்று நான் கேட்டுச் சொல்லிவிடுவேன்.

தர்ஷினி
மட்டக்களப்பு